மேலாளரின் நீண்ட மின்னஞ்சலைத் திருத்துவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வேலை பார்க்கும் மொத்த விற்பனை நிறுவனத்துக்கு 14 கிளைகள். கிளைகளுக்கு மேலாளர் எழுதும் மின்னஞ்சல் எதுவானாலும் முதலில் என் மேசைக்கு வரும்; நான் திருத்திக் கொடுத்த பிறகே போகும். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களும் வேறு நிறுவனங்களில் இதே வேலையில் இருக்கும் நண்பர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான். நான் அவர்களுக்குச் சொல்வது மூன்றுதான்: கோரிக்கையை முதல் வரிக்குக் கொண்டுவாருங்கள், செய்தி சுமக்காத நிரப்புச் சொற்களை வெட்டுங்கள், தொழிற்பெயருக்குள் ஒளிந்திருக்கும் வினையை வெளியே எடுங்கள். அதையொட்டி வரும் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

மெயில்ல முதல் வரியிலேயே கோரிக்கை வரணும்னா, வணக்கம்கூடச் சொல்லக் கூடாதா?

தாராளமாகச் சொல்லலாம். வணக்கம் ஒரே ஒரு சொல். அதனால் யாருக்கும் நேரம் வீணாகாது. அதற்கு அடுத்த வாக்கியத்தைத்தான் முதல் வரி என்கிறேன். யார், எதை, எப்போதைக்குள் செய்ய வேண்டும் என்ற மூன்றும் அந்த வாக்கியத்தில் இருந்தால் போதும்.

கிளை மேலாளர்களில் பலர் மின்னஞ்சலை முதலில் பார்ப்பது கைபேசியில்தான். லாரியிலிருந்து சரக்கு இறங்கிக்கொண்டிருக்கும், பக்கத்தில் வாடிக்கையாளர் காத்திருப்பார். அந்த நேரத்தில் திரையில் தெரிவது தலைப்பும், அதன் கீழே உள்ளடக்கத்தின் முதல் சில சொற்களும் மட்டுமே. அந்த இடத்தில் "தாங்களும் தங்கள் கிளைப் பணியாளர்களும் நலமாக இருப்பீர்கள் என" என்று இருந்தால், அவர் கைபேசியைப் பைக்குள் வைத்துவிடுவார். "27ஆம் தேதி மாலைக்குள் உங்கள் கிளைச் சரக்கை" என்று இருந்தால் திறந்து பார்ப்பார்.

கோரிக்கை எங்கே இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? எல்லாமே முக்கியமாத்தானே தெரியுது?

கீழிருந்து மேலே படியுங்கள். தமிழில் எழுதப்படும் அலுவலக மின்னஞ்சலில் கோரிக்கை பெரும்பாலும் "எனவே" அல்லது "ஆகவே" என்ற சொல்லுக்குப் பிறகு இருக்கும். "-மாறு" என்று முடியும் சொல்லைத் தேடினாலும் கிடைத்துவிடும்: அனுப்புமாறு, சமர்ப்பிக்குமாறு, உறுதி செய்யுமாறு. கீழே உள்ளது எங்கள் அலுவலகத்தில் எழுதப்பட்ட ஒரு மின்னஞ்சலின் வடிவம். இனி வரும் பதில்களிலெல்லாம் இதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

> அனைத்துக் கிளை மேலாளர்களுக்கும் வணக்கம். தாங்களும் தங்கள் கிளைப் பணியாளர்களும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நாம் அனைவரும் அறிந்தபடி, கடந்த சில மாதங்களாக நமது கிடங்குகளில் உள்ள சரக்கு இருப்பிற்கும் கணினியில் உள்ள இருப்பிற்கும் இடையே வேறுபாடுகள் காணப்படுவது தொடர்பாகத் தலைமை அலுவலகத்தில் ஆலோசனை மேற்கொள்ளப்பட்டது என்பதைத் தங்களின் மேலான கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன். அதன் அடிப்படையில், அனைத்துக் கிளைகளிலும் இருப்புச் சரிபார்ப்புப் பணியை மேற்கொள்வது அவசியம் எனக் கருதப்படுகிறது. இப்பணியானது வழக்கமான விற்பனைக்கு இடையூறு ஏற்படாத வகையில் திட்டமிடப்பட்டு நிறைவு செய்யப்பட வேண்டும் என்பது குறிப்பிடத்தக்கது. மேலும், சரிபார்ப்பின்போது கண்டறியப்படும் சேதமடைந்த பொருட்கள் குறித்த விவரங்களும் தனியாகத் தொகுக்கப்பட வேண்டும். எனவே, மேற்கூறிய பணி நிறைவு செய்யப்பட்டு அதற்கான அறிக்கை வரும் 27ஆம் தேதிக்குள் தலைமை அலுவலகத்திற்குச் சமர்ப்பிக்கப்படுவதை உறுதி செய்யுமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள். இது தொடர்பாகத் தங்களின் மேலான ஒத்துழைப்பை எதிர்நோக்குகிறேன். நன்றி.

மொத்தம் 97 சொற்கள். கெடு தேதி வருவது 82ஆவது சொல்லாக. நடுவில் "அவசியம் எனக் கருதப்படுகிறது" என்று ஓரிடம் வருகிறதே, அதுதான் கோரிக்கை என்று புதியவர்கள் நினைப்பதுண்டு. அது வெறும் கருத்து. ஆளைக் குறித்துத் தேதியோடு கேட்பது "எனவே" வாக்கியம்தான்.

எதையெல்லாம் யோசிக்காம வெட்டலாம்?

யோசிக்காமல் வெட்டக்கூடியது எதுவும் இல்லை. ஆனால் மூன்று வகைச் சொற்களை முதலில் சந்தேகப்படலாம். ஒன்று, நலம் விசாரிப்பும் ஒத்துழைப்பு வேண்டலும். இரண்டு, சொல்லப்போவதை அறிவிக்கும் சொற்கள்: "தங்களின் மேலான கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன்", "தெரிவித்துக்கொள்கிறேன்", "என்பது குறிப்பிடத்தக்கது". சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டால் இவற்றுக்கு வேலை இல்லை. மூன்று, பின்னால் கைகாட்டும் சொற்கள்: "மேற்கூறிய", "அதன் அடிப்படையில்", "இது தொடர்பாக". இவை செய்தி எதையும் சுமப்பதில்லை. போன வாக்கியத்தைத் திரும்பிப் பார்க்க மட்டுமே சொல்கின்றன.

இந்தக் குறை நம் மொழிக்குப் புதிதல்ல. 13ஆம் நூற்றாண்டு நன்னூல் ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தைப் பட்டியலிடுகிறது. "வெற்றெனத் தொடுத்தல்" அதில் ஒன்று. பொருளில்லாத சொற்களை வரிசையாகக் கோப்பது. "நின்று பயனின்மை" இன்னொன்று. சொல் இருக்கும், ஆனால் அதனால் பயன் இராது. மேலே உள்ள மின்னஞ்சலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தொடராகத் தொட்டு "இது நின்று பயன் தருகிறதா" என்று கேட்டுப் பாருங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

வெட்டும்போது ஓர் எச்சரிக்கை. நிரப்புச் சொல்லின் சாயலில் நிபந்தனைகளும் ஒளிந்திருக்கும். "விற்பனைக்கு இடையூறு ஏற்படாத வகையில்" என்பது பார்க்க வெறும் அலங்காரம் போலிருக்கும். அதை எடுத்துவிட்டால், சனிக்கிழமை மாலைக் கூட்டத்தில் ஷட்டரை இறக்கிவிட்டு ஒரு கிளை சரக்கு எண்ணத் தொடங்கிவிடும். "முடிந்தால்", "தற்போதைக்கு", "இயன்றவரை" போன்றவையும் அப்படித்தான். எடுத்துவிட்டுப் படியுங்கள். படிக்கிறவர் செய்யப்போகும் காரியம் மாறுகிறது என்றால் அந்தச் சொல் நிரப்பு அல்ல.

தொழிற்பெயர்ல என்ன தப்பு? பள்ளிக்கூடத்துல படிச்ச இலக்கணம்தானே?

தொழிற்பெயரில் தப்பே இல்லை. ஓடாத வினையை ஓட்டுவதற்காகத் தொழிற்பெயரின் பின்னால் இன்னொரு வினையைக் கட்டி இழுப்பதில்தான் சிக்கல். எங்கள் மின்னஞ்சலில் அது எப்படி வளர்ந்திருக்கிறது பாருங்கள். அடியில் இருப்பது "சரிபார்" என்ற வினை. அது "சரிபார்ப்பு" ஆனது. அதனோடு "பணி" சேர்ந்து "சரிபார்ப்புப் பணி" ஆனது. பணியைச் சுமக்க ஒரு வினை வேண்டுமே, அதனால் "மேற்கொள்" வந்தது. அதுவும் பெயராகி "மேற்கொள்வது" ஆனது. அது "அவசியம்" என்று முடிந்தது. அந்த அவசியமும் "எனக் கருதப்படுகிறது" என்று யாரோ ஒருவர் தலையில் வைக்கப்பட்டது. "சரிபாருங்கள்" என்ற ஒரே சொல்லின் மேல் இத்தனை போர்வை.

இதனால் நீளம் கூடுவது சின்ன நட்டம். பெரிய நட்டம், செய்கிறவர் காணாமல் போவதுதான். "சரிபாருங்கள்" என்றால் நீங்கள் என்பது அதிலேயே இருக்கிறது. "சரிபார்ப்புப் பணியை மேற்கொள்வது அவசியம்" என்றால் யார் மேற்கொள்வது? கிளை மேலாளரா, கிடங்குப் பொறுப்பாளரா, தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வருவாரா? "சமர்ப்பிக்கப்படுவதை உறுதி செய்யுமாறு" என்பதிலும் அதே கேள்வி.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. மேற்கொள், ஏற்படு, நடைபெறு, வழங்கு, செய், உறுதி செய் ஆகிய வினைகள் வரும் இடங்களில் பேனாவை நிறுத்துங்கள். அதற்கு முன்னால் இருக்கும் பெயருக்குள் உண்மையான வினை இருக்கிறதா என்று பாருங்கள். "ஆலோசனை மேற்கொள்ளப்பட்டது" என்றால் ஆலோசித்தோம். "நிறைவு செய்யப்பட வேண்டும்" என்றால் முடியுங்கள். "ஒப்புதல் வழங்கப்பட்டது" என்றால் யாரோ ஒப்புக்கொண்டார். அவர் யார் என்று கேட்டு எழுதுங்கள். உள்ளே வினை இல்லாத பெயர்களை விட்டுவிடுங்கள். விடுப்பு, தணிக்கை, ஏலம் என்பவை அலுவலகத்தில் பொருட்களின் பெயர் போலவே புழங்குகின்றன. "தணிக்கை அடுத்த வாரம்" என்பதில் திருத்த எதுவும் இல்லை.

சரி, முழுசா மாத்தினா அந்த மெயில் எப்படி இருக்கும்?

> வணக்கம். 27ஆம் தேதி மாலைக்குள் உங்கள் கிளைச் சரக்கை எண்ணி, பட்டியலை எனக்கு அனுப்புங்கள். கிடங்கில் இருப்பதும் கணினியில் இருப்பதும் சில மாதங்களாகப் பொருந்தவில்லை. அதனால்தான் எல்லாக் கிளைகளிலும் எண்ணுகிறோம். விற்பனை தடைபடாத நேரத்தில் எண்ணுங்கள். சேதமான பொருட்களைத் தனிப் பட்டியலாக எழுதுங்கள். நன்றி.

97 சொற்கள் 32 ஆகிவிட்டன. கோரிக்கை வாக்கியம் மட்டும் பத்துச் சொற்கள்.

மூலத்தில் இல்லாத மூன்று விவரங்கள் இதில் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள்: "எண்ணி", "மாலைக்குள்", "எனக்கு". இவற்றை நானாகச் சேர்க்கவில்லை. தொழிற்பெயரை வினையாக மாற்றத் தொடங்கியதும் எனக்கே பதில் தெரியாமல் போனது. மேலாளரிடம் போய்க் கேட்டேன். சரிபார்ப்பு என்றால் சரக்கைக் கையால் எண்ண வேண்டுமா, கணினிக் கணக்கைப் பேரேட்டோடு ஒப்பிட்டால் போதுமா? "கையால் எண்ணணும்" என்றார். 27ஆம் தேதிக்குள் என்றால் 26 இரவா, 27 இரவா? "27 சாயங்காலம்." தலைமை அலுவலகத்தில் யாருக்கு? "எனக்கே அனுப்பட்டும்."

முதல் கேள்வியை நான் கேட்டதற்குக் காரணம் உண்டு. அதற்கு முந்தைய முறை "இருப்புச் சரிபார்ப்பு மேற்கொள்ளப்பட வேண்டும்" என்று எழுதியே அனுப்பியிருந்தோம். நான்கு கிளைகள் கணினியிலிருந்து ஓர் அச்சுப் பிரதி எடுத்து, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டன. அவர்கள் மேல் குற்றமில்லை. அந்தச் சொல்லுக்கு அந்தப் பொருளும் உண்டு. அந்தக் கிளைகள் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று.

தமிழ்ல வினை கடைசியிலதானே வரும்? அப்புறம் எப்படிக் கோரிக்கை முதல்ல வரும்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் சரியான இடத்தில் கை வைத்தார். தமிழ் வாக்கியத்தில் பயனிலை கடைசியில் வருவதுதான் இயல்பு. அதை மாற்றி "அனுப்புங்கள், சரக்குப் பட்டியலை, 27ஆம் தேதிக்குள்" என்று எழுதினால் மேடைப் பேச்சு போலாகிவிடும். வரிசையை மாற்ற வேண்டாம். வாக்கியத்தைக் குட்டையாக்குங்கள், வினை தானாக மேலே வந்துவிடும்.

கோரிக்கையை முதல் வாக்கியத்தில் வைத்தும் தோற்றுப்போவது எப்படி என்று பாருங்கள். புதிதாக வந்த ஒரு தம்பி இப்படித் திருத்தியிருந்தார்: "கிடங்கில் உள்ள இருப்பிற்கும் கணினி இருப்பிற்கும் வேறுபாடு இருப்பதால், விற்பனைக்கு இடையூறு இல்லாமல், சேதமடைந்த பொருட்களைத் தனியாகக் குறித்து, சரக்கை எண்ணி 27ஆம் தேதி மாலைக்குள் அனுப்புங்கள்." நிரப்புச் சொல் ஒன்றுகூட இல்லை. போர்த்திய தொழிற்பெயரும் இல்லை. முதல் வாக்கியமும் இதுதான். ஆனாலும் கோரிக்கை தொடங்குவது 15ஆவது சொல்லில். காரணமும் நிபந்தனையும் வினைக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டன. நம் மொழி அவற்றுக்குத் தாராளமாக இடம் கொடுக்கும்.

ஆகவே முதல் வாக்கியத்தில் "-ஆல்" என்ற காரணமும் "-ஆமல்" என்ற நிபந்தனையும் வேண்டாம். இரண்டையும் தனித்தனி வாக்கியமாக்கிக் கீழே இறக்குங்கள். வினையெச்சம் ஒன்று போதும். "எண்ணி அனுப்புங்கள்" என்பதைப் போல. பன்னிரண்டு சொல்லைத் தாண்டினால் மறுபடி பார்ப்பது என்று எனக்கு நானே ஓர் அளவு வைத்திருக்கிறேன். தேதியைத் தொடக்கத்தில் வைப்பதும் என் பழக்கம். வினை கடைசியில் வந்தாலும் அவசரம் முதலிலேயே தெரிந்துவிடுகிறது.

வெட்டினதுக்கு அப்புறம் படிச்சா எங்கேயோ இடறுது. ஏன்?

பெரும்பாலும் ஒற்று. "சரிபார்ப்புப் பணியை" என்பதில் "பணியை" மட்டும் வெட்டினால் "சரிபார்ப்புப்" என்று வால் தொங்கும். "இது தொடர்பாகத் தங்களின்" என்பதில் "தங்களின்" போனால் "தொடர்பாகத்" என்பதன் "த்" அநாதையாக நிற்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் இடது பக்கத்துச் சொல்லின் கடைசி எழுத்தைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மேலாளர்கள் சட்டென்று கண்டுபிடிக்கும் பிழை இதுதான். இதைக் கண்டுவிட்டால் மற்ற திருத்தங்கள் மேலும் நம்பிக்கை போய்விடும்.

இன்னொரு காரணம், வரிசை தலைகீழானது. கோரிக்கையை மேலே தூக்கியபோது "எனவே" என்ற சொல்லும் கூடவே வந்திருக்கும். காரணம் எதுவும் சொல்வதற்கு முன் எனவே எப்படி வரும்? "மேற்கூறிய பணி" என்றால் மேலே வணக்கம் மட்டும்தான் இருக்கிறது. காரணம் பின்னால் வரும்போது இணைப்பும் மாற வேண்டும். நான் "அதனால்தான்" என்று எழுதியது அதற்காகத்தான். "ஏனென்றால்" என்றும் தொடங்கலாம். அலுவலகக் குரலுக்கு "அதனால்தான்" இன்னும் இயல்பாக இருப்பதாக எனக்குப் படுகிறது.

'அனுப்புங்கள்'னு மொட்டையா எழுதினா மரியாதைக் குறைவா இருக்காதா? கிளை மேலாளர்கள் சிலர் சாரைவிட வயசுல பெரியவங்க.

"அனுப்புங்கள்" மரியாதைச் சொல்தான். அந்த "-ங்கள்" இருப்பதே அதற்குத்தான். வீட்டில் மூத்தவரிடம் "உட்காருங்கள்" என்கிறோம். "உட்காருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்" என்றால் அவர் எழுந்து போய்விடுவார். உண்மையில் விறைப்பாக ஒலிப்பது "அனுப்பவும்" என்பதுதான். "செருப்பை வெளியே விடவும்" என்ற பலகையின் குரல் அது. எதிரில் ஆள் இல்லை. "கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்" என்பதிலும் ஆள் இல்லை. கேட்பவர் யார் என்பதை மறைத்துவிட்டுக் கேட்பதில் என்ன மரியாதை இருக்கிறது?

ஆனாலும் சில மேலாளர்களுக்கு மனம் ஒப்பாது. அப்போது "அனுப்பிவையுங்கள்" அல்லது "அனுப்பித் தாருங்கள்" என்று துணைவினை சேர்த்தால் குரல் தணியும். நீளம் ஒரு சொல்லுக்கு மேல் அதிகமாகாது. "தாங்கள்" என்று எழுதியே பழகியவர் என்றால் "தங்கள் கிளைச் சரக்கை" என்று அப்படியே விடுகிறேன். அதனால் நீளம் கூடுவதில்லை. மரியாதையை ஒரே இடத்தில் அழுத்தமாக வைத்தால் போதும். "மேலான" ஒரே மின்னஞ்சலில் இரண்டு முறை வந்தால் இரண்டாவதை யாரும் வாசிப்பதில்லை.

இதையெல்லாம் சப்ஜெக்ட்லயே போட்டுட்டா போதாதா?

போதாது. ஆனால் அங்கேயும் போடுங்கள். "இருப்புச் சரிபார்ப்பு தொடர்பாக" என்ற தலைப்பை "27 மாலைக்குள் சரக்குப் பட்டியல்" என்று மாற்றலாம். அடுத்தடுத்த பதில்களில் தலைப்பு பழசாகிக்கொண்டே போகும். போன மாதத்து மின்னஞ்சலுக்குப் பதிலாகவே புதிய கோரிக்கையை எழுதும் பழக்கம் எங்கள் மேலாளருக்கு உண்டு. அப்போது தலைப்பில் போன மாதத் தேதிதான் நிற்கும். படிக்கிறவருக்கு முதல் வாக்கியம்தான் நம்பிக்கையான இடம்.

ஒரே மெயில்ல மூணு வேலை சொல்றார். எது முதல் வரி?

மூன்றும் ஒரே ஆளுக்கு, ஒரே தேதிக்கு என்றால் முதல் வரியில் எண்ணிக்கையைச் சொல்லிவிடுங்கள்: "27ஆம் தேதி மாலைக்குள் மூன்று வேலைகளை முடித்துத் தாருங்கள்." கீழே வரிசையாக மூன்று குட்டை வாக்கியங்கள். எண்ணிக்கையைச் சொல்லாவிட்டால் முதல் வேலையைப் பார்த்ததும் மூடிவிடுவார்கள். நம் எடுத்துக்காட்டிலேயே சேதமான பொருட்களின் பட்டியல் இரண்டாவது வேலைதான். அது எண்ணும்போது கூடவே முடிகிற வேலை என்பதால் தனிக் கோரிக்கையாக எண்ணவில்லை.

வேலைகள் வேறு வேறு ஆட்களுக்கு என்றால் மின்னஞ்சலையே பிரித்துவிடுங்கள். கணக்காளருக்கான வரியைக் கிடங்குக்காரர் படித்துவிட்டு "இது நமக்கில்லை" என்று மூடியதால் அவருடைய வேலையும் நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன். பிரிக்க மேலாளர் சம்மதிக்கவில்லை என்றால், ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆளின் பதவியோடு தொடங்குங்கள்.

எங்க சார் இங்கிலீஷ்லதான் எழுதுவார். இது அதுக்கும் பொருந்துமா?

பொருந்தும், சொல்லப்போனால் அங்கே வேலை கொஞ்சம் சுலபம். ஆங்கிலத்தில் ஏவல் வினை வாக்கியத்தின் தலையிலேயே நிற்கும் என்பதால் மேலே சொன்ன கடைசி வினைச் சிக்கல் இல்லை. நம் ஊர் அலுவலக ஆங்கிலத்தில் "திஸ் இஸ் டு இன்ஃபார்ம் யூ தட்", "ஐ வுட் லைக் டு பிரிங் டு யுவர் கைண்ட் அட்டென்ஷன்" என்று தொடங்குபவற்றை முழுதாக எடுத்துவிடலாம். "கண்டக்ட் எ வெரிஃபிகேஷன் ஆஃப்" என்பது வெறும் "வெரிஃபை" ஆகும். "-ஷன்" என்று முடியும் சொல்லுக்கு முன்னால் மேக், கண்டக்ட், கேரி அவுட் இருந்தால் உள்ளே ஒரு வினை அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

தனியாகக் கவனிக்க வேண்டியது "கைண்ட்லி டூ த நீட்ஃபுல்." வேண்டியதைச் செய்யுங்கள் என்கிறது, எது வேண்டும் என்று சொல்வதில்லை. இதை வெட்டினால் போதாது. அந்த இடத்தில் என்ன எழுத வேண்டும் என்பதை மேலாளரிடம் கேட்டே ஆக வேண்டும்.

எந்த மெயில்ல இதைச் செய்யக் கூடாது?

விளக்கம் கேட்கும் குறிப்பாணை, ஒழுங்கு நடவடிக்கைக் கடிதம், வாடகை ஒப்பந்தத்தை முடிக்கும் அறிவிப்பு போன்றவற்றைத் தொடாதீர்கள். பின்னால் ஒருநாள் வழக்கறிஞர் கையில் போகக்கூடிய எழுத்து அது. அங்கே "பார்வையில் காணும் கடிதத்தின்படி" என்பதற்குக்கூட வேலை இருக்கிறது. எந்தக் கடிதம் என்பதை அது கட்டிவைக்கிறது. அரசு அலுவலகங்களுக்குப் போகும் கடிதங்களுக்கும் பெறுநர், பொருள், பார்வை என்ற அமைப்பு உண்டு. அதைக் கலைக்காமல், பொருள் வரியில் கோரிக்கையைத் தெளிவாக எழுதலாம்.

இன்னொரு வகை, மனம் நோகும் செய்தி. ஊக்கத்தொகை தள்ளிப்போகிறது என்ற செய்தியோடு "படிவத்தை நிரப்பி அனுப்புங்கள்" என்பதும் இருந்தால், படிவத்தை முதல் வரியில் வைக்காதீர்கள். அங்கே செய்திதான் முதலில் வர வேண்டும், அதுவும் போர்வை இல்லாமல்: "இந்த மாத ஊக்கத்தொகை அடுத்த மாதம்தான் வரும்." அதற்கான காரணத்தைச் சொன்ன பிறகு படிவத்தைக் கேளுங்கள்.

திருத்தினதைக் காட்டினா சார் கோவிச்சுக்கிறார். 'நான் எழுதினதுல பாதியைக் காணோமே'ங்கிறார்.

அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. எதையாவது தொலைத்துவிட்டோமோ என்பதுதான் அவர் பயம். நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்செடுத்து வைப்பேன். அவர் எழுதியதில் செய்தி உள்ள ஒவ்வொரு இடத்துக்கும் எண் போடுவேன்: வேறுபாடு, எல்லாக் கிளைகளும், விற்பனை, சேதம், 27. திருத்தியதிலும் அதே எண்கள். ஐந்தும் அங்கே இருப்பதைப் பார்த்ததும் குரல் தணிந்துவிடும். ஆலோசனை நடந்த செய்தியைக் காணோம் என்றார் ஒருமுறை. கிளைக்காரர்கள் அதை வைத்து என்ன செய்வார்கள் என்று கேட்டேன்; சிறிது யோசித்துவிட்டு, "ஒண்ணும் இல்லை, எடுத்துடுங்க" என்றார். அப்படியும் வேண்டும் என்றால் கடைசி வாக்கியமாக வைத்துவிடுங்கள். மேலே வராதவரை அதனால் கெடுதல் இல்லை.

அவருக்கே உரிய ஒரு சொல் இருக்கும், அதை விட்டுவையுங்கள். எங்கள் மேலாளர் "அன்புடன்" இல்லாமல் முடிக்கமாட்டார். அது அவர் கையெழுத்து போல. கிளைக்காரர்களுக்கும் அது தெரியும்.

திருத்தம் பலித்ததா என்பதை அவருக்குக் காட்ட நான் வைத்திருக்கும் கணக்கு ஒன்றே ஒன்றுதான். மின்னஞ்சல் போன அன்று "எப்போ வேணும்?", "எண்ணணுமா, பிரிண்ட் எடுத்தா போதுமா?" என்று வரும் தொலைபேசி அழைப்புகளை ஒரு தாளில் குறித்துவைப்பேன். அழைப்பு வந்தால் எந்தச் சொல்லால் வந்தது என்பதையும் எழுதுவேன். அடுத்த மின்னஞ்சலைத் திருத்தும்போது அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன்.

பத்துத் தடவை படிச்சாலும் என்ன கேக்கிறார்னே தெரியலை. '-மாறு'வும் இல்லை, 'எனவே'யும் இல்லை. என்ன செய்யறது?

பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரிடம் போங்கள். இதற்கு மேல் சொற்களில் செய்ய எதுவும் இல்லை. "இதில் கோரிக்கை இல்லை" என்று சொன்னால் அவருக்கு வருத்தமாக இருக்கும். "சார், இதைப் படிச்சு முடிச்சதும் கிளையில இருக்கிறவர் எழுந்து என்ன செய்யணும்?" என்று கேளுங்கள். எழுந்து என்பது முக்கியம். பதிலும் அப்போது வினையாகவே வரும்.

ஒருமுறை "பணியிட ஒழுங்கு மேம்பாட்டின் அவசியம்" என்று ஒன்றரைப் பக்கம் வந்தது. இதே கேள்வியைக் கேட்டேன். "பத்து மணிக்குக் கதவைத் திறக்கணும், அவ்வளவுதான்" என்றார். அதுவே முதல் வரி ஆனது, மீதிப் பக்கம் தேவைப்படவில்லை. இன்னொரு முறை வாகனக் காப்பீடு மாறியது பற்றி நீளமாக எழுதியிருந்தார். யார் என்ன செய்யணும் என்றதும், "யாரும் எதுவும் செய்ய வேண்டாம், தெரிஞ்சா போதும்" என்றார். அதையும் முதல் வரியில் எழுதினோம்: "இது உங்கள் தகவலுக்கு மட்டும், நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை." அன்று ஓர் அழைப்புகூட வரவில்லை.